தணிக்கை முடிந்த கணக்கும் தப்பாகலாம்: மாவட்டப் பதிவாளருக்கு அடுக்குமாடி உரிமையாளர்களின் திறந்த மடல்

பெறுநர்: மாவட்டப் பதிவாளர் (நிர்வாகம்) அவர்கள்

பொருள்: அடுக்குமாடிக் குடியிருப்பு உரிமையாளர் சங்கத்தின் பராமரிப்பு நிதி முறையாகச் செலவிடப்படவில்லை என்ற ஐயம் – தமிழ்நாடு சங்கங்கள் பதிவுச் சட்டம் 1975, பிரிவு 36இன்கீழ் விசாரணை கோருதல்.

மதிப்பிற்குரிய ஐயா / அம்மா,

வணக்கம். சென்னையின் தென்புறத்தில் நான்கு பிளாக்கும் 120 வீடுகளும் கொண்ட ஒரு குடியிருப்பின் உரிமையாளர்கள் நாங்கள். எங்கள் சங்கம் 1975ஆம் ஆண்டுச் சட்டத்தின்கீழ் தங்கள் அலுவலகத்தில் பதிவானது. மொத்தப் பரப்பு 1,32,000 சதுர அடி. சதுர அடிக்கு 3 ரூபாய் 75 காசு வீதம் மாதம் 4,95,000 ரூபாய் வசூலாகிறது. ஆண்டுக்கு 59 லட்சத்து 40 ஆயிரம். இதைத் தவிர, கட்டுநர் ஒப்படைத்துவிட்டுப் போன கார்ப்பஸ் நிதி 66 லட்சம் ரூபாய். 2024-25ஆம் ஆண்டுக்கான வரவு செலவு அறிக்கை ஆடிட்டர் கையெழுத்தோடு தங்கள் அலுவலகத்தில் தாக்கலாகியிருக்கிறது. அந்தக் கணக்கின் மேல்தான் இந்தப் புகார்.

சங்கத்தின் பெயரையும் நிர்வாகிகளின் பெயர்களையும் தங்களுக்குத் தனியே கொடுத்த மனுவில் எழுதியிருக்கிறோம். இங்கே அவற்றை விட்டுவிட்டோம். யாரையும் திருடர் என்று சொல்ல எங்களிடம் ஆதாரம் இல்லை. பணம் நிர்வாகக் குழுவிடம் நின்றதா, ஃபெசிலிட்டி மேனேஜரிடமா, ஒப்பந்தக்காரரிடமா, அல்லது வெறும் கவனக்குறைவில் கரைந்ததா என்பதும் எங்களுக்குத் தெரியாது. ஆனால் கணக்கில் எழுதியிருக்கும் அளவுகள் நடந்திருக்க முடியாதவை என்று காட்ட முடியும்.

இத்தகைய மனுக்களுக்குச் சங்கத் தரப்பிலிருந்து வரும் பதில் ஒன்றே ஒன்றுதான்: 'கணக்கு தணிக்கை செய்யப்பட்டு, பொதுக்குழுவில் ஒப்புதல் பெற்று, தாக்கல் செய்யப்பட்டுவிட்டது.' பெரும்பாலும் கோப்பு அதோடு மூடப்படுகிறது. எங்கள் முதல் வேண்டுகோள், இந்தப் பதிலை முடிவாக எடுத்துக்கொள்ள வேண்டாம் என்பது. ஆடிட்டர் பார்ப்பது ஒவ்வொரு செலவுக்கும் வவுச்சர் இருக்கிறதா, அந்தத் தொகை வங்கிப் புத்தகத்தோடு பொருந்துகிறதா என்பதை. 'எங்களுக்கு அளிக்கப்பட்ட தகவல்கள், விளக்கங்களின் அடிப்படையில்' என்று அறிக்கையிலேயே எழுதிவிட்டுத்தான் கையெழுத்துப் போடுகிறார். அவர் ஜெனரேட்டர் அறைக்குப் போவதில்லை, சம்பின் மூடியைத் திறப்பதில்லை, வாசலில் எத்தனை காவலர் நிற்கிறார்கள் என்று எண்ணுவதுமில்லை. அது அவருடைய வேலையும் அல்ல. பொய் ரசீதும் ஒழுங்காகக் கோக்கப்பட்டிருந்தால் தணிக்கையில் தேறிவிடும். ஆகவே விசாரணை அதிகாரி கணக்குப் புத்தகத்திலிருந்து தொடங்காமல், சங்கத்தின் கணக்கோடு சம்பந்தமில்லாமல் தனியே பதிவாகும் குறிப்புகளிலிருந்து தொடங்க வேண்டும் என்கிறோம். அப்படி எங்கள் வளாகத்தில் இருப்பவை ஜெனரேட்டரின் ஹவர் மீட்டர், வாசல் பதிவேடு, கழிவுநீர் சுத்திகரிப்பு நிலையத்தின் லாக் புத்தகம், வருமான வரித் துறையின் படிவம் 26ஏஎஸ்.

டீசலை முதலில் எடுத்துக்கொள்கிறோம், அதில்தான் கணக்கு மிகவும் தெளிவாக இடிக்கிறது.

2024-25இல் டீசல் செலவு 5,88,800 ரூபாய் என்று அறிக்கை சொல்கிறது. இதற்கு 16 ரசீதுகள். ஒவ்வொன்றும் 400 லிட்டர், ஒவ்வொன்றும் 36,800 ரூபாய். ஆக மொத்தம் 6,400 லிட்டர். எங்களிடம் இருப்பது 125 கே.வி.ஏ. ஜெனரேட்டர் ஒன்று. அதன் கண்ட்ரோலர் திரையில் இயந்திரம் பிறந்ததிலிருந்து எத்தனை மணி நேரம் ஓடியிருக்கிறது என்று ஒரு எண் இருக்கும். வண்டியில் கிலோமீட்டர் காட்டுவது போல அது ஏறிக்கொண்டே போகும், இறங்காது. ஆபரேட்டர் லாக் புத்தகத்தின்படி 2024 ஏப்ரல் 1 அன்று 2,846 மணி. 2025 மார்ச் 31 அன்று 2,988 மணி. ஆண்டு முழுவதும் ஓடியது 142 மணி நேரம்.

6,400 லிட்டரை 142 மணி நேரத்தால் வகுத்தால் மணிக்கு 45 லிட்டர். 125 கே.வி.ஏ. இயந்திரம் முழுச் சுமையில், அதாவது நூறு கிலோவாட் இழுக்கும்போதுகூட, மணிக்கு 26, 27 லிட்டருக்கு மேல் குடிக்காது. எங்கள் வளாகத்தில் முழுச் சுமை வருவதே இல்லை. மின்சாரம் போனால் வீட்டுக்கு அதிகபட்சம் 500 வாட்தான் ஜெனரேட்டரில் கிடைக்கும், எல்லா வீடும் ஒரே நேரத்தில் அதை முழுதாக இழுப்பதுமில்லை. அதோடு லிஃப்ட், மோட்டார், பொது விளக்குகள் எல்லாம் சேர்ந்தாலும் பாதிச் சுமையைச் சுற்றித்தான் நிற்கும். பாதிச் சுமையில் மணிக்கு 14, 15 லிட்டர். அந்தக் கணக்கில் ஆண்டுக்கு 2,130 லிட்டர் போதும். நிர்வாகத்துக்கு முழு சலுகை கொடுத்து, 142 மணி நேரமும் முழுச் சுமையில் ஓடியது என்றே வைத்துக்கொண்டாலும் 3,834 லிட்டர்தான் ஆகியிருக்கும். மிச்சம் 2,566 லிட்டர், சுமார் 2 லட்சத்து 36 ஆயிரம் ரூபாய், எங்கே எரிந்தது என்பதற்கு விளக்கம் இல்லை. பாதிச் சுமைக் கணக்கில் பார்த்தால் இடைவெளி 3 லட்சத்து 90 ஆயிரத்தைத் தாண்டுகிறது.

நிர்வாகம் சொல்லக்கூடிய பதில்களையும் முன்கூட்டியே சரிபார்த்துவிட்டோம். தீயணைப்பு பம்பும் டீசலில்தான் ஓடுகிறது என்பார்கள். உண்மைதான். ஆனால் அது வாரத்துக்குப் பத்து நிமிடம் சோதனைக்காக ஓடுவது. ஆண்டுக்கு ஒன்பது மணி நேரம்கூட ஆகாது, நூறு நூற்றைம்பது லிட்டரில் அடங்கிவிடும். ஹவர் மீட்டர் பழுது என்பார்கள். அதற்கும் வழி இருக்கிறது. ஆயில் மாற்ற ஆண்டுக்கு ஒரு முறையாவது சர்வீஸ் நிறுவனத்தின் டெக்னீஷியன் வருகிறார். வந்த நாளின் ஹவர் மீட்டர் அளவைத் தன் சர்வீஸ் ரிப்போர்ட்டில் எழுதிவிட்டுத்தான் போவார், அதன் ஒரு பிரதி அவருடைய நிறுவனத்திலேயே இருக்கும். எங்கள் ஆபரேட்டரின் லாக் புத்தகமும் அந்த ரிப்போர்ட்டும் ஒத்துப்போனால் மீட்டர் பழுது என்ற வாதம் நிற்காது.

ரசீதுகளையே பாருங்கள். சங்க விதிப்படி உறுப்பினர் கணக்கைப் பார்வையிடலாம் என்பதால் அவற்றைப் பார்த்துக் குறிப்பெடுக்க முடிந்தது. நகல் தர மறுத்துவிட்டார்கள். ஜெனரேட்டரின் டாங்க் 225 லிட்டர் கொள்ளும். ஒரே நாளில் 400 லிட்டர் வாங்கினால் பாதி எங்கே ஊற்றப்பட்டது? ஆகஸ்ட் மாதத்தில் மூன்று நாள் இடைவெளியில் இரண்டு ரசீதுகள். அந்த மூன்று நாளில் இயந்திரம் ஓடியது இரண்டு மணி நேரம். சென்னையில் டீசல் விலை பைசா கணக்கோடு அறிவிக்கப்படுகிறது; 16 ரசீதிலும் லிட்டர் சரியாக 92 ரூபாய், பைசா இல்லை. பங்க் இயந்திரத்தில் அச்சாகும் ரசீதில் பம்ப் எண்ணும் நேரமும் இருக்கும். இவையோ பில் புத்தகத்தில் கையால் எழுதியவை. பில் எண்களை வரிசையாக வைத்துப் பார்த்தால், நான்கு மாத இடைவெளியில் எழுதியவை அடுத்தடுத்த எண்களில் வருகின்றன. பங்க்காரருக்கு அந்த நான்கு மாதமும் வேறு வாடிக்கையாளரே வரவில்லை போலும்.

அடுத்தது தண்ணீர். 2024 மே மாதம் போர் வற்றிவிட்டது. முழுவதும் டேங்கர் லாரிதான். 12,000 லிட்டர் லோடு ஒன்றுக்கு 1,600 ரூபாய் வீதம் அந்த ஒரு மாதத்துக்கு மட்டும் 310 லோடுகளுக்குப் பணம் கொடுத்ததாகக் கணக்கு. நாளுக்குப் பத்து லோடு, அதாவது 1,20,000 லிட்டர். எல்லா வீட்டிலும் நான்கு பேர் என்று கொண்டாலும் 480 பேர். ஆளுக்கு நாளொன்றுக்கு 250 லிட்டர் ஆகிறது. நகரங்களுக்குத் திட்டமிடும்போது எடுத்துக்கொள்ளும் அளவே 135 லிட்டர்தான், அதுவும் குழாயில் தாராளமாக வரும் காலத்துக்கு. கத்திரி வெயிலில், வாரம் ஒரு சுற்றறிக்கையில் தண்ணீரைச் சிக்கனமாகச் செலவிடுங்கள் என்று இதே நிர்வாகம் கேட்டுக்கொண்டிருந்த மாதத்தில், ஆளுக்கு 250 லிட்டரை நாங்கள் என்ன செய்திருப்போம்?

வாசலில் செக்யூரிட்டி எழுதும் வாகனப் பதிவேட்டில் அந்த மாதம் உள்ளே வந்த தண்ணீர் லாரிகள் 188. இது நாளுக்கு சுமார் 73,000 லிட்டர். செக்யூரிட்டி சில லாரிகளை எழுத மறந்திருக்கலாம் என்பது நியாயமான மறுப்புதான். அதனால்தான் சுத்திகரிப்பு நிலையத்தின் லாக் புத்தகத்தையும் பார்த்தோம். வீட்டுக்குள் போகும் தண்ணீரில் ஏறக்குறைய எண்பது சதவீதம் கழிவுநீராக வெளியே வரும் என்பது பொறியாளர்களின் பொதுக் கணக்கு. 73,000 லிட்டர் உள்ளே போனால் 58,000 லிட்டர் வெளியே வர வேண்டும். லாக் புத்தகம் அந்த மாதம் சராசரியாக நாளுக்கு 58,000 லிட்டரை ஒட்டித்தான் காட்டுகிறது. 1,20,000 லிட்டர் உண்மையாக வந்திருந்தால் 96,000 லிட்டர் கழிவுநீர் வந்திருக்கும். 75,000 லிட்டர் கொள்ளளவுள்ள எங்கள் நிலையம் அன்றே பொங்கி வழிந்திருக்கும். வாசலில் நிற்பவரும் சுத்திகரிப்பு நிலையத்தை நடத்துபவரும் வேறு வேறு ஒப்பந்தக்காரர்களின் ஆட்கள். இருவர் எழுதியதும் ஒரே அளவைச் சொல்கிறது, ரசீது மட்டும் வேறு சொல்கிறது. வித்தியாசம் 122 லோடு, 1,95,200 ரூபாய், ஒரே மாதத்தில்.

வந்த லாரியும் முழு லோடு தந்ததா என்பது தனிக் கேள்வி. இதைச் சோதிக்க ஒரு அளவுகோல் போதும். எங்கள் சம்ப் 6 மீட்டர் நீளம், 4 மீட்டர் அகலம். 12,000 லிட்டர் இறங்கினால் நீர்மட்டம் சரியாக 50 சென்டிமீட்டர் ஏற வேண்டும். மேல்நிலைத் தொட்டிக்கு ஏற்றும் மோட்டாரை நிறுத்திவிட்டு, லாரி குழாய் போடும் முன்பும் எடுத்த பின்பும் அளந்தால் தெரிந்துவிடும். எங்களில் சிலர் அப்படி அளந்தபோது ஒரு லோடில் மட்டம் ஏறியது 41 சென்டிமீட்டர், அதாவது 9,840 லிட்டர். ஒரு லோடை வைத்து முடிவு கட்டக் கூடாதுதான். விசாரணை அதிகாரி முன்னிலையில் அறிவிப்பின்றி நான்கைந்து லோடுகளை அளக்க வேண்டும் என்று கேட்கிறோம்.

காவலர் கணக்கைச் சுருக்கமாகச் சொல்லிவிடலாம். 12 பேருக்கு மாதாமாதம் பில் வருகிறது, இரண்டு ஷிஃப்டிலும் சேர்த்து நாங்கள் பார்ப்பது எட்டுப் பேரை. வருகைப் பதிவேட்டைக் கேட்டுப் பயனில்லை, அதை எப்போது வேண்டுமானாலும் எழுதலாம். ஒப்பந்த நிறுவனம் வருங்கால வைப்பு நிதிக்கும் ஈ.எஸ்.ஐ.க்கும் மாதந்தோறும் செலுத்தும் பட்டியலில் தொழிலாளர் ஒவ்வொருவரின் பெயரும் எண்ணும் இருக்கும். எங்கள் வளாகத்துக்கான பட்டியலை பில்லோடு இணைத்தால்தான் பணம் என்று சங்கம் சொல்லியிருக்க வேண்டும், சொல்லவில்லை. இதில் இன்னொரு ஆபத்தும் இருக்கிறது. ஒப்பந்தக்காரர் அந்தத் தொகையைக் கட்டாமல் விட்டால், முதன்மை வேலையளிப்பவர் என்ற முறையில் அந்தப் பொறுப்பு சங்கத்தின் தலையில், அதாவது எங்கள் தலையில், வந்து விழும்.

இவையெல்லாம் மாதாந்திரச் செலவுகள். இவற்றைவிட எங்களைக் கவலைப்படுத்துவது கார்ப்பஸ் நிதி. லிஃப்டை மாற்றவும், மொட்டை மாடிக்கு நீர்க்கசிவுத் தடுப்பு செய்யவும், பத்து வருடத்துக்குப் பிறகு வரும் பெரிய செலவுகளுக்குமாக வைத்த பணம் அது. பொதுக்குழுத் தீர்மானம் இல்லாமல் அசலைத் தொடக் கூடாது என்று எங்கள் துணை விதி சொல்கிறது.

2025 மார்ச் 31ஆம் தேதி இருப்புநிலைக் குறிப்பின் இடப்பக்கத்தில் கார்ப்பஸ் நிதி 66 லட்சம் என்று முழுதாக இருக்கிறது. பொதுக்குழுவில் எல்லாரும் பார்த்தது அந்த வரியைத்தான். நிதி அப்படியே இருக்கிறது என்று நிம்மதியாகக் கை தூக்கிவிட்டார்கள். ஆனால் அந்த வரி, சங்கம் உறுப்பினர்களுக்குக் கணக்குச் சொல்ல வேண்டிய தொகையைத்தான் காட்டுகிறது. கையில் பணமாக எவ்வளவு இருக்கிறது என்பது வலப்பக்கத்தில் இருக்கும். அங்கே வங்கி வைப்பு 41 லட்சம், ஒப்பந்தக்காரர்களுக்குக் கொடுத்த முன்பணம் 16 லட்சம், உறுப்பினர்களிடமிருந்து வரவேண்டிய பாக்கி 9 லட்சம். கூட்டிப் பாருங்கள், 66 லட்சம் சரியாக வரும். கணக்கு சமன், பணத்தில் 25 லட்சம் குறைவு.

எப்போது எடுத்தார்கள் என்பதற்கு வட்டியே சாட்சி. 66 லட்சத்துக்கு 7 சதவீதத்தில் ஆண்டு வட்டி 4,62,000 ரூபாய் வர வேண்டும். வரவு செலவு அறிக்கையில் வட்டி வருமானம் 3,74,500. 25 லட்சம் ரூபாய் வைப்பு செப்டம்பர் கடைசியில் முறிக்கப்பட்டிருந்தால் வரும் தொகை ஏறக்குறைய இதுவேதான்: முதல் ஆறு மாதம் 66 லட்சத்துக்கு 2,31,000, அடுத்த ஆறு மாதம் 41 லட்சத்துக்கு 1,43,500. ஆனால் எந்தப் பொதுக்குழுக் கூட்டத்திலும் வைப்பை முறிக்கத் தீர்மானம் இல்லை. சங்கத்தின் பான் எண்ணுக்கான 26ஏஎஸ் படிவத்தை வாங்கிப் பார்த்தால் இது உறுதியாகிவிடும். வங்கி வட்டி கொடுக்கும்போது வரி பிடித்தம் செய்து, தேதியோடு அங்கே பதிவு செய்துவிடுகிறது. காலாண்டு வட்டி 1,15,500 ரூபாயிலிருந்து எந்தக் காலாண்டில் 71,750க்கு இறங்கியது என்று பார்த்தால் முறித்த காலம் கிடைத்துவிடும்.

இங்கே ஓர் எச்சரிக்கை. வைப்புச் சான்றின் நகலைக் காட்டினால் ஏற்றுக்கொள்ள வேண்டாம். முறித்த பிறகும் பழைய சான்றின் ஜெராக்ஸ் கோப்பில் அப்படியேதான் இருக்கும். தங்கள் அலுவலகமே வங்கிக் கிளைக்கு நேரடியாகக் கடிதம் எழுதி, இன்ன தேதியில் இந்தச் சங்கத்தின் பெயரில் எந்தெந்த வைப்பு, எவ்வளவு, அதன்மேல் கடன் ஏதும் எடுக்கப்பட்டதா என்று கேட்டுப் பெற வேண்டும். கடைசிக் கேள்வி முக்கியம். வைப்பை முறிக்காமலே அதன்மேல் ஓவர்டிராஃப்ட் எடுத்துவிட்டால் வட்டி குறையாது, வைப்பும் கண்ணுக்குத் தெரியும், பணம் மட்டும் இருக்காது.

அந்த 16 லட்சம் முன்பணம் பெயின்டிங் வேலைக்கு என்கிறார்கள். 32 லட்சம் ரூபாய் வேலைக்குப் பாதித் தொகை முன்பணம். ஆள் வந்து சாரம்கூடக் கட்டவில்லை. பத்து, இருபது சதவீதத்துக்கு மேல் முன்பணம் கேட்கும் பெயின்டிங் ஒப்பந்தக்காரரை வேறு எந்தக் குடியிருப்பும் உள்ளே விடாது. மூன்று கொட்டேஷன் வாங்கித்தான் குறைந்தவரைத் தேர்ந்தோம் என்று கூட்டக் குறிப்பில் இருக்கிறது. மூன்றிலும் ஜி.எஸ்.டி. எண் அச்சிட்டிருக்கிறது. அந்த எண்ணின் முதல் இரண்டு இலக்கம் மாநிலத்தைக் குறிக்கும், தமிழ்நாட்டுக்கு 33. அடுத்த பத்து எழுத்துகள் நிறுவனத்தின் அல்லது உரிமையாளரின் பான் எண். எங்கள் மூன்று கொட்டேஷன்களில் இரண்டில் அந்தப் பத்து எழுத்துகளும் ஒன்றே. நிறுவனப் பெயர் இரண்டு, லெட்டர்பேட் இரண்டு, முதலாளி ஒருவர். ஜி.எஸ்.டி. இணையதளத்தில் யார் வேண்டுமானாலும் இதைச் சரிபார்க்கலாம். தன்னோடு தானே போட்டியிட்டு ஜெயித்தவருக்குத்தான் எங்கள் லிஃப்டுக்கு வைத்திருந்த பணம் போயிருக்கிறது.

9 லட்சம் பாக்கியைப் பற்றியும் ஒரு வார்த்தை. வீடுவாரியாக யார் எவ்வளவு பாக்கி என்ற பட்டியலைக் கேட்டோம். நோட்டீஸ் பலகையில் ஒட்டியிருக்கும் பட்டியலின் கூட்டுத்தொகை 3 லட்சத்து 80 ஆயிரம். மீதி 5 லட்சத்து 20 ஆயிரம் யாருடைய பாக்கி? ஒன்று, ஒட்டாமல் மறைக்கப்பட்ட பெயர்கள் இருக்கின்றன. இல்லை, வசூலான பணம் புத்தகத்தில் ஏறவில்லை. எது என்று கண்டுபிடிக்க எல்லா உரிமையாளர்களும் தங்கள் ரசீதையும் ஆன்லைன் பரிமாற்ற எண்ணையும் கொண்டுவந்தால் போதும். தாங்கள் அழைத்தால் கொண்டுவருகிறோம்.

இனி சட்டம். பிரிவு 36இன்படி நிர்வாகக் குழுவில் பெரும்பான்மையோர் கேட்டாலோ, மூன்றில் ஒரு பங்குக்குக் குறையாத உறுப்பினர்கள் மனுச் செய்தாலோ, மாவட்ட ஆட்சியர் கேட்டுக்கொண்டாலோ, தாங்களாகவே முன்வந்தோ விசாரணை நடத்தலாம். முதல் வழிக்கு வாய்ப்பில்லை. இரண்டாவதில் எங்களுக்கு 40 கையெழுத்து தேவை. 46 பேர் போட்டிருக்கிறோம். ஆனால் அதில் 14 பேர் மறுவிற்பனையில் வீடு வாங்கியவர்கள். சங்கத்தின் உறுப்பினர் பதிவேடு கட்டுநர் ஒப்படைத்த நாளில் எழுதியதோடு நிற்கிறது. வீடு கைமாறிய பிறகும் பழைய உரிமையாளரின் பெயர்தான் அதில் இருக்கிறது. 'மனுதாரர்களில் 32 பேர் மட்டுமே உறுப்பினர்கள்' என்று நிர்வாகம் பதில் தரப்போகிறது என்பது எங்களுக்கு நன்றாகத் தெரியும்.

அந்தப் பதிலைத் தாங்கள் ஏற்கக் கூடாது என்பதற்கு மூன்று காரணங்கள் சொல்கிறோம். வீட்டு உரிமையாளர் ஒவ்வொருவரும் உறுப்பினர் என்று எங்கள் துணை விதியே சொல்கிறது. அந்தப் பதினான்கு பேரிடமும் அவரவர் பெயரிலேயே மாதாமாதம் பராமரிப்புக் கட்டணம் வாங்கி ரசீது தருகிறது சங்கம். அவர்களுடைய கிரயப் பத்திரங்களைப் பதிவு செய்து கொடுத்ததோ தங்கள் துறையேதான். சார்பதிவாளர் அலுவலகத்து வில்லங்கச் சான்றை எடுத்துப் பார்த்தால் இன்று உரிமையாளர் யார் என்று தெரிந்துவிடும். பதிவேட்டைப் புதுப்பிக்காதது நிர்வாகத்தின் குறை. அந்தக் குறையே புகாருக்கு எதிரான கேடயமாகிவிடக் கூடாது. கணவன் மனைவி இருவர் பெயரிலும் உள்ள வீடுகளில் ஒருவர் கையெழுத்தை மட்டுமே கணக்கில் எடுத்திருக்கிறோம். வாடகைக்கு இருப்பவர்கள் யாரும் கையெழுத்துப் போடவில்லை. இவ்வளவுக்குப் பிறகும் எண்ணிக்கை போதாது என்று கருதினால், தாங்களாக முன்வந்து விசாரிக்கும் அதிகாரத்தைப் பயன்படுத்துமாறு கேட்கிறோம். அதற்குக் கையெழுத்து எண்ணிக்கை தேவையில்லை, முகாந்திரம் இருந்தால் போதும். மேலே சொன்ன 45 லிட்டர் கணக்கு ஒன்றே முகாந்திரம்.

பணத்தை வசூலித்துக் கொடுங்கள் என்று தங்களிடம் கேட்கவில்லை. அது உரிமையியல் நீதிமன்றத்தின் வேலை. நம்பிக்கை மோசடி நடந்திருந்தால் அது காவல் துறையின் வேலை. பாரதிய நியாய சன்ஹிதா பிரிவு 316இல் அதற்கு இடமிருக்கிறது. ஆனால் அந்த இரண்டு இடத்திலும் முதலில் கேட்கப்படும் கேள்வி 'ஆவணம் எங்கே' என்பது. புத்தகங்களை வரவழைக்கவும் சம்பந்தப்பட்டவர்களை அழைத்து விசாரிக்கவும் விசாரணை அதிகாரிக்கு இருக்கும் அதிகாரம் உறுப்பினர்களாகிய எங்களுக்கு இல்லை. 26ஏஎஸ் படிவத்தை நாங்கள் திறந்து பார்க்க முடியாது. பங்க்கில் போய் பில் புத்தகத்தின் அடிக்கட்டையைக் கேட்க முடியாது. தங்கள் கையெழுத்தோடு ஒரு கடிதம் போனால் வங்கியும் பங்க்கும் லாரிக்காரரும் பதில் சொல்லியே ஆக வேண்டும்.

இரண்டு வாரத்துக்கு முன்பு அந்த மனுவைத் தங்கள் அலுவலகத்தில் நேரில் கொடுத்தபோது, 'சங்கத்திடம் விளக்கம் கேட்டு முப்பது நாளில் பதில் வரும்' என்றார்கள். விளக்கம் கேட்பது முறைதான். ஆனால் விளக்கம் கேட்கும் கடிதத்தோடு புகாரின் முழு நகலும் போனால், எந்தப் பதிவேட்டை நாங்கள் பார்த்தோம், எந்த எண்ணை வைத்துப் பேசுகிறோம் என்பது எல்லாம் தெரிந்துபோகும். அதன்பின் முப்பது நாள் நீண்ட காலம். வாசல் பதிவேடு ஒரு நீள நோட்டு. தொலைந்துவிட்டது என்றால் தொலைந்ததுதான். எனவே முதலில் ஆவணங்களைக் கைப்பற்றிவிட்டு அல்லது ஒவ்வொரு பக்கத்திலும் முத்திரை வைத்துவிட்டு, பிறகு விளக்கம் கேளுங்கள். இந்தத் திறந்த மடலில் எல்லாவற்றையும் எழுதிவிட்டீர்களே என்று கேட்கலாம். வாசல் பதிவேட்டின் மே மாதப் பக்கங்களையும் லாக் புத்தகங்களின் பக்கங்களையும் ஏற்கெனவே புகைப்படம் எடுத்துத் தங்களிடம் கொடுத்த மனுவில் இணைத்துவிட்டோம், இனி அசல் மாறினால் அதுவே ஒரு ஆதாரமாகிவிடும் என்பதால்தான் எழுதுகிறோம்.

ஒன்று மட்டும் எங்கள் கையில் இல்லை. வரும் மாதம் ஜெனரேட்டரின் கண்ட்ரோலரை மாற்றுவதற்கு நிர்வாகக் குழு ஆர்டர் கொடுத்திருக்கிறது. காரணம் பழுது என்கிறார்கள். இயந்திரம் நன்றாகத்தான் ஓடிக்கொண்டிருக்கிறது. புது கண்ட்ரோலரில் ஹவர் மீட்டர் பூஜ்யத்திலிருந்து தொடங்கும், பழையது காயலான் கடைக்குப் போய்விடும். ஆகவே விசாரணைக்கு உத்தரவிடுவதற்கு முன்பே, தங்கள் அலுவலகத்திலிருந்து ஒருவர் வந்து இன்றைய ஹவர் மீட்டர் அளவைப் பார்த்து மகஜர் எழுத வேண்டும், கழற்றப்படும் கண்ட்ரோலரைச் சங்க அலுவலகத்தில் முத்திரையிட்டு வைக்க உத்தரவிட வேண்டும் என்று கேட்டுக்கொள்கிறோம். ஆபரேட்டர் காலை ஏழு மணியிலிருந்து மாலை ஏழு மணிவரை ஜெனரேட்டர் அறையில் இருப்பார். சாவி அவரிடம் இருக்கிறது.

இப்படிக்கு,
மனுவில் கையெழுத்திட்டுள்ள 46 வீட்டு உரிமையாளர்கள்